தரவுக்கு முன்னால் எழுதிய தாள்

பிரசுரமான ஆய்வுகளைத் திரும்பச் செய்தால் அதே முடிவு வராத மீள்செய்கை நெருக்கடி என்று கதை தொடங்கினால் எங்கள் ஆட்கள் உடனே கள்ளத் தரவுக்குப் போய்விடுகிறார்கள். வீட்டில் இருந்துகொண்டே வினாக்கொத்தை நிரப்பினவர், இல்லாத நோயாளியை இருந்ததாகக் காட்டினவர், அடுத்தவருடைய ஆய்வேட்டில் பெயரை மட்டும் மாற்றினவர். அப்படிப்பட்டவர்கள் இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 2015இல் சயன்ஸ் சஞ்சிகையில் வந்த அந்தப் பெரிய முயற்சியை நினைத்துப் பாருங்கள். பெயர்பெற்ற உளவியல் சஞ்சிகைகளில் வெளியான 100 ஆய்வுகளை எடுத்துத் திரும்பச் செய்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் 'தாக்கம் உண்டு' என்று சொன்னவை. திரும்பச் செய்தபோது 36 சதவீதத்தில்தான் அது கிடைத்தது. மீதிப் பேர் எல்லாரும் தரவை இட்டுக்கட்டினவர்கள் என்று நம்ப என்னால் முடியாது, அவர்களில் பெரும்பாலானோர் கவனமாக வேலை செய்தவர்கள். என்னை விடாமல் உறுத்துகிற கேள்வி வேறு. ஒருவரும் பொய் சொல்லாமலே பொய்யான முடிவு எப்படி வருகிறது? எதை அளப்போம், எப்படிக் கணக்குப் பார்ப்போம் என்று தரவுக்கு முன்னால் எழுதிவைக்கிற ஆய்வு முன்பதிவு அதை எவ்வளவு தடுக்கும்?

இந்தக் கேள்வி எனக்குச் சஞ்சிகை வாசித்து வந்ததல்ல. நான் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறவள். ஆய்வேடு கொடுக்கிற காலம் வந்தால் பின்னேரங்களில் கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் மடிக்கணினியோடு யாராவது இருப்பார்கள். கல்வியியல், தாதியியல், முகாமைத்துவம் என்று துறை மாறும், வசனம் மாறாது. "மிஸ், எல்லாம் செய்து பாத்திட்டன், சிக்னிஃபிகன்ட் வருதில்லை." இதைச் சொல்லும்போது அவர்களுடைய முகத்தில் இருப்பது களவு செய்தவருடைய பயமல்ல, கணக்கு பிழைத்த பிள்ளையின் கவலை. எங்கேயோ ஒரு பட்டனை அழுத்தத் தவறிவிட்டோம், மிஸ் பார்த்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையோடுதான் வருகிறார்கள்.

அப்படி வந்த ஒரு பிள்ளையின் ஆய்வைத்தான் இங்கே எழுதப் போகிறேன். ஆளைத் தெரியக்கூடாது என்பதற்காகப் பொருளையும் சில விபரங்களையும் மாற்றியிருக்கிறேன். அவருடைய சம்மதமும் இருக்கிறது.

ஒரு பாடசாலையில் 7ஆம் தரத்தில் இரண்டு வகுப்புகள். ஒரு வகுப்புப் பிள்ளைகள் தினமும் காலையில் பத்து நிமிடம் சத்தமாகத் தமிழ் வாசிக்க வேண்டும், மற்ற வகுப்பு வழமைபோல. தவணை தொடங்கும்போதும் முடியும்போதும் தேர்வு வைத்து ஐந்து விடயங்களை அளந்திருக்கிறார்: கிரகித்தல், வாசிப்பு வேகம், சொல்வளம், எழுத்துப் பிழை, வாசிப்பில் ஆர்வம். ஆர்வத்துக்கு வினாக்கொத்து, மற்றவற்றுக்குத் தேர்வுத்தாள். தரவு சுத்தமாக இருந்தது. வராத பிள்ளைகளின் பெயருக்கு நேரே தேதி போட்டுக் குறித்திருந்தார், தேர்வுத்தாள்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்திருந்தார். இப்படி ஒழுங்காக வேலை செய்த பிள்ளையை நான் அடிக்கடி காண்பதில்லை.

"கிரகித்தலில வித்தியாசம் வரேல்லை மிஸ். மற்றதுகளிலையும் வரேல்லை. ஆனா பொம்பிளைப் பிள்ளையளை மட்டும் எடுத்து, கனநாள் வராத ஆக்களை விட்டிட்டுப் பாத்தால் வாசிப்பு வேகத்தில வருது. அதைப் போடலாமோ?"

"ஆர் அப்பிடிப் பிரிச்சுப் பாக்கச் சொன்னது?"

"சேர்தான். ஒருக்கா ஆண் பெண் எண்டு பிரிச்சுப் பாருங்கோ எண்டவர். பொம்பிளைப் பிள்ளையள் வாசிப்பில முந்தி எண்டு வேற ஆய்வுகளிலையும் இருக்குத்தானே, அதை வச்சு விளங்கப்படுத்தலாம் எண்டவர்."

அந்த மேற்பார்வையாளரும் கெட்டவர் அல்ல. பிள்ளை கரையேற வேண்டும் என்று நினைக்கிறவர். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. பாதி நாள் வராத பிள்ளையில் வாசிப்பின் பயன் தெரியாது, அதனால் விடலாம். ஆணும் பெண்ணும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை, அதனால் பிரிக்கலாம். தொடக்கத்தேர்வுப் புள்ளியைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்யலாம், எடுக்காமலும் விடலாம், இரண்டுக்கும் பாடப்புத்தகத்தில் ஆதரவு உண்டு. சிக்கல் எல்லாம் இந்தத் தெரிவுகள் எப்போது நடந்தன என்பதில் இருக்கிறது. முடிவைப் பார்த்த பிறகு, அது பிடிக்காத இடத்தில் மட்டும் அவை நடந்திருக்கின்றன. தாக்கமே இல்லாதபோதும் இவ்வளவோ இதைவிடப் பெரிதோ ஒரு வித்தியாசம் தற்செயலாக வருவதற்கான வாய்ப்பைத்தான் p என்கிறோம், அது 0.05க்குக் கீழே இருந்தால் 'சிக்னிஃபிகன்ட்'. கிரகித்தலில் முதல் தடவையே p 0.05க்குக் கீழே வந்திருந்தால் வராத பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

எத்தனை வழி திறந்திருந்தது என்று அவரையே எண்ணச் சொன்னேன். ஐந்து அளவீடு. ஒவ்வொன்றையும் எல்லாப் பிள்ளைகளிலும், ஆண்களில் மட்டும், பெண்களில் மட்டும் பார்க்கலாம். வராதவர்களோடும் பார்க்கலாம், அவர்களை விட்டும் பார்க்கலாம். தொடக்கப் புள்ளியைச் சரிசெய்தும் பார்க்கலாம், செய்யாமலும் பார்க்கலாம். 5 × 3 × 2 × 2, மொத்தம் 60 சோதனை. அவற்றில் ஒன்றுக்குத்தான் ஆய்வேட்டில் அட்டவணை கிடைக்கப் போகிறது. தாக்கம் என்று ஒன்றுமே இல்லாத இடத்தில்கூட, ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து சோதனை செய்தாலே ஏதாவது ஒன்று 0.05க்குக் கீழே விழுவதற்கான வாய்ப்பு 1 − 0.95⁵, ஏறத்தாழ 23 சதவீதம். 60 சோதனையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் இந்தச் சூத்திரத்தை அப்படியே நீட்ட முடியாது, ஆனால் ஐந்து அளவீட்டையும் ஒவ்வொரு தடவை மட்டும் பார்ப்பதைவிட வாய்ப்பு கூடத்தான் செய்யும்.

பாட்டுக் கேட்டு வயது குறைந்தவர்கள்

இந்த இடத்தில் நான் எப்போதும் சொல்லிக்காட்டுவது 2011இல் சிமன்ஸ், நெல்சன், சைமன்சன் என்ற மூவர் வெளியிட்ட கட்டுரையை. பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மாணவர்கள் 20 பேரில் ஒரு பகுதியினருக்கு பீட்டில்ஸ் குழுவின் முதுமை பற்றிய பாட்டு ஒன்று, மற்றவர்களுக்குக் கணினியோடு வருகிற ஒரு வாத்திய இசை. பிறகு பிறந்த தேதியும் தகப்பனாரின் வயதும் கேட்டார்கள். தகப்பனாரின் வயதைக் கட்டுப்படுத்திக் கணக்குப் பார்த்தபோது, பீட்டில்ஸ் கேட்டவர்களின் சராசரி வயது 20.1, மற்றவர்களுடையது 21.5. p = 0.040. பாட்டுக் கேட்டதால் ஆட்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை வயது குறைந்துவிட்டதாம். தரவு உண்மையானது, கணக்கும் சரியானது. ஒரு கட்டுரையில் வழமையாக எழுதுகிற அளவுக்கு எல்லாவற்றையும் எழுதியிருந்தார்கள்.

பிறகு அதே கட்டுரையில் முழுக்கதையையும் வைத்தார்கள். உண்மையில் அழைக்கப்பட்டவர்கள் 34 பேர். மூன்றாவதாக ஒரு சிறுவர் பாட்டும் இருந்தது, அந்தக் குழுவை அப்படியே விட்டுவிட்டார்கள். ஏறத்தாழ பத்துப் பேர் கொண்ட ஒவ்வொரு அமர்வும் முடிந்ததும் கணக்குப் பார்த்தார்கள், எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டித் தீர்மானிக்கவில்லை. எவ்வளவு வயதானவராக உணர்கிறீர்கள், நூறின் வர்க்கமூலம் என்ன, தாயாரின் வயது என்ன, அரசியலில் எந்தப் பக்கம் என்று இன்னும் நிறையக் கேட்டிருந்தார்கள். அவற்றில் தகப்பனாரின் வயதை மட்டும்தான் கணக்கில் எடுத்துக் காட்டினார்கள். அதை எடுத்துவிட்டால் p = 0.33. ஒரே பிள்ளைகள், ஒரே தரவு. ஒரு மாறியை உள்ளே வைப்பதா வெளியே விடுவதா என்பதில் 0.33 போய் 0.040 வந்து நிற்கிறது.

அவர்கள் கணினியில் வெறும் தற்செயல் எண்களை வைத்தும் பார்த்திருந்தார்கள். ஒரு குழுவுக்கு 20 பேரோடு தொடங்கி, முடிவு வராவிட்டால் மட்டும் குழுவுக்கு இன்னும் பத்துப் பேரை ஒருதடவை கூட்டினால், இல்லாத தாக்கத்தை உண்டு என்று சொல்கிற பிழை 5 சதவீதமாக இருக்கவேண்டியது 7.7 ஆகிறது. இரண்டு அளவீடு வைத்துக்கொண்டு வந்ததைச் சொன்னால் 9.5. பால் அடிப்படையில் பார்க்கிற சுதந்திரமும், மூன்று குழுவில் ஒன்றைக் கைவிடுகிற சுதந்திரமும் சேர்ந்து நான்கையும் ஒன்றாகப் பயன்படுத்தினால் 60.7. தாக்கமே இல்லாத இடத்தில் ஐந்துக்கு மூன்று தடவை 'தாக்கம் உண்டு' என்று வரும். இதற்குக் கள்ளத்தரவு ஒரு துளியும் தேவையில்லை.

பெயர்களைக் குலுக்கிய பின்னேரம்

இவ்வளவையும் சொல்லியும் அந்தப் பிள்ளை நம்பவில்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன். "அது அவையள் வேணுமெண்டு செய்தது மிஸ். என்ரை உண்மையான பிள்ளையள், உண்மையான வாசிப்பு" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் அவருடைய தரவையே எடுத்தோம். எந்தப் பிள்ளை எந்த வகுப்பு என்ற நிரலை மட்டும் சீட்டுக் குலுக்குவதுபோலக் குலுக்கினேன். புள்ளிவிபரக் கணக்குக்குப் பயன்படுகிற R என்ற கணினி மொழியில் அது ஒரு வரிதான்:

```r
d$group <- sample(d$group)
```

இந்த வரிக்குப் பிறகு 'சத்தமாக வாசித்த வகுப்பு' என்பதில் வாசித்த பிள்ளைகளும் வாசிக்காத பிள்ளைகளும் கலந்து கிடப்பார்கள். புள்ளிகள் அதே புள்ளிகள், ஆண் பெண் அதே, வராத நாட்களும் அதே. வாசிப்புக்கும் புள்ளிக்கும் இடையில் எந்தத் தொடர்பும் இருக்க இடமில்லை. இப்போது அந்த 60 சோதனையையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டோம். முதல் குலுக்கலில் ஒன்றும் வரவில்லை. திரும்பக் குலுக்கினேன். ஆண்பிள்ளைகளின் எழுத்துப் பிழையில் 0.05க்குக் கீழே ஒரு எண் வந்து நின்றது.

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கினார். "இது வரத்தான் வேணும் மிஸ். பெடியள் மனசுக்குள்ள வாசிக்கேக்கை சொல்லை விழுங்கி விழுங்கிப் போவாங்கள், சத்தமா வாசிச்சால் ஒவ்வொரு எழுத்தையும்..." அந்த இடத்தில் நின்றுவிட்டார். குலுக்கிய வகுப்பு என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்கிறது. எழும்பி மதில் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு வந்திருந்து "இன்னொருக்காக் குலுக்குங்கோ" என்றார். குலுக்கினோம். அன்று இருட்டும்வரை அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். சொல்வளத்தில் வந்தது, ஆர்வத்தில் வந்தது, ஒருதடவை வாசித்த வகுப்பு பின்தங்கியிருப்பதாகக்கூட வந்தது. வந்த ஒவ்வொன்றுக்கும் அவருக்கு ஒரு விளக்கம் ஓடிவந்ததைக் கண்டேன். வாயால் சொல்லாவிட்டாலும் முகத்தில் தெரிந்தது.

நான் இத்தனை காலமும் எண்களையே பிடித்துக்கொண்டிருந்தேன், அன்று பார்வை வேறு பக்கம் திரும்பியது. 60.7 சதவீதம் என்பது கணக்கு. அதைவிடப் பலமானது, கையில் கிடைத்த எண்ணுக்குக் காரணம் கட்டுகிற எங்கள் வேகம். துறையை நன்றாகப் படித்தவருக்கு அந்த வேகம் இன்னும் கூட. மேற்பார்வையாளர் 'மற்ற ஆய்வுகளிலும் இருக்குத்தானே' என்று சொன்னது அவருடைய வாசிப்பின் ஆழத்திலிருந்து வந்தது. எந்த முடிவு வந்திருந்தாலும் அதற்கு ஒத்த ஒரு ஆய்வை அவரால் எடுத்துக் காட்டியிருக்க முடியும். முடிவு தெரிந்தபின் கட்டிய காரணத்தைக் கருதுகோளாக முதலாம் அத்தியாயத்தில் எழுதிவிட்டால், வாசிப்பவருக்கு அது முன்கூட்டிச் சொல்லிப் பலித்த வாக்காகத் தெரியும்.

பிரித்துப் பார்ப்பதன் ஆபத்துக்கு மருத்துவத்தில் ஒரு பெயர்பெற்ற உதாரணம் உண்டு, எங்கள் ஊருக்கு நன்றாகப் பொருந்துகிறது. 1988இல் லான்செட் சஞ்சிகையில் வந்த ஐசிஸ்-2 பரிசோதனையில் மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 நோயாளிகள். அஸ்பிரின் கொடுத்தவர்களில் இதய, இரத்தக்குழாய் நோய்ச் சாவு ஐந்து கிழமையில் 23 சதவீதம் குறைந்தது, ஐயத்துக்கு இடமில்லாத முடிவு. வயது, பால் என்று உட்பிரிவு உட்பிரிவாகவும் காட்டுங்கள் என்று சஞ்சிகை கேட்டபோது ஆய்வாளர்கள் இராசிப்படியும் பிரித்துக் காட்டினார்கள். மேற்கத்தைய முறைப்படி மிதுனத்திலும் துலாமிலும் பிறந்தவர்களுக்கு அஸ்பிரின் பயன் தரவில்லை, சற்றே தீமைகூடச் செய்ததாகத் தெரிந்தது. மற்ற இராசிக்காரருக்கு 28 சதவீத நன்மை. பிரித்துக்கொண்டே போனால் பதினேழாயிரம் பேரிலும் இப்படி வரும் என்றால், இரண்டு வகுப்புப் பிள்ளைகளில் வருவதற்கு என்ன தடை?

முதலே எழுதுதல்

ஆய்வு முன்பதிவு செய்வது ஒன்றைத்தான்: தெரிவுகளைத் தரவுக்கு முன்னால் தள்ளிவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் இதை விளங்கப்படுத்துவது எளிது. இங்கே வாக்கிய பஞ்சாங்கமும் இருக்கிறது, திருக்கணித பஞ்சாங்கமும் இருக்கிறது. வருஷப் பிறப்பு நேரம்கூட இரண்டிலும் ஒன்றாக வராது. எங்கள் வீட்டில் எதைப் பார்ப்பது என்பது அப்பம்மா காலத்திலேயே முடிவான விடயம். ஒன்றில் நாள் தோதாக வரவில்லை என்று மற்றதைத் திறந்தால், இரண்டில் எதையும் நாங்கள் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். எங்களுக்குத் தோதான நாளைத்தான் பார்க்கிறோம்.

நடைமுறையில் இது ஒரு தாள். ஒரு இணையப் பதிவேட்டில் ஏற்றினால் தேதி முத்திரை விழும், பிறகு ஒருவருக்கும் தெரியாமல் மாற்ற முடியாது. osf.io, aspredicted.org இரண்டும் இலவசம். எங்கள் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, யாராவது யோசனையைக் களவெடுத்துவிட்டால் என்ன செய்வது என்பது. உடனே எல்லாரும் பார்க்கும்படி போடவேண்டியதில்லை, முன்னதில் நான்கு வருடம்வரை மூடி வைக்கலாம், பின்னதில் நீங்களாகத் திறக்கும்வரை அது மூடித்தான் இருக்கும். மருத்துவச் சிகிச்சைப் பரிசோதனை என்றால் இது விருப்பமல்ல, கட்டாயம். பெரிய மருத்துவச் சஞ்சிகைகளின் ஆசிரியர் குழு 2005இலிருந்து பதிவில்லாத பரிசோதனையைப் பிரசுரிப்பதில்லை என்று தீர்மானித்தது. அதற்கு அடுத்த வருடமே இலங்கை மருத்துவச் சங்கம் எங்களுக்கென்று ஒரு பதிவேட்டைத் தொடங்கிவிட்டது.

தாள் இருந்தால் மட்டும் போதாது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் காரியம். அந்தப் பிள்ளை நெறிமுறைக் குழுவுக்குக் கொடுத்த முன்மொழிவைக் கொண்டுவரச் சொன்னேன். அதில் கருதுகோள் இப்படி இருந்தது: 'சத்தமாக வாசித்தல் மாணவர்களின் வாசிப்புத் திறனை மேம்படுத்தும்.' அந்த வசனத்துக்குள் 60 சோதனையும் வசதியாக இருந்துவிடும். வேகம் கூடினாலும் வாசிப்புத் திறன், பிழை குறைந்தாலும் வாசிப்புத் திறன். இப்படியொரு வசனத்தை எந்தப் பதிவேட்டில் ஏற்றினாலும் அது ஒன்றையும் தடுக்காது. பிறகு அதே முன்மொழிவின் பின்பக்கத்தைப் புரட்டினோம். எத்தனை பிள்ளைகள் தேவை என்ற கணக்கு அங்கே இருந்தது, அந்தக் கணக்கு கிரகித்தல் புள்ளியை வைத்துப் போடப்பட்டிருந்தது. ஆய்வின் முதன்மை அளவீடு எது என்று எழுதாத இடத்தில் நான் எப்போதும் இதைத்தான் தேடுவேன். மாதிரியின் அளவு எதை வைத்துக் கணிக்கப்பட்டதோ, அதுதான் ஆய்வாளர் தொடக்கத்தில் மனதில் வைத்திருந்தது.

இருவரும் இருந்து அந்த வசனத்தைத் திரும்ப எழுதிப் பார்த்தோம், பயிற்சிக்காகத்தான், தரவு வந்தபின் எழுதுவது முன்பதிவாகாது. 'தவணை முடிவில் கிரகித்தல் தேர்வுப் புள்ளி இரண்டு வகுப்புக்கும் இடையில் வேறுபடும். தொடக்கத்தேர்வுப் புள்ளியைக் கட்டுப்படுத்தி ஒரே ஒரு இருபக்கச் சோதனை செய்யப்படும். எத்தனை நாள் வராதவராயினும் முடிவுத்தேர்வு எழுதிய எல்லாரும் கணக்கில் இருப்பார்கள். மற்ற நான்கு அளவீடுகளும், ஆண் பெண் பிரிவும் தேடிப் பார்ப்பவை, அவற்றிலிருந்து முடிவு சொல்லப்படமாட்டாது.' இதை எழுத ஒரு பின்னேரம் பிடித்தது, ஏனென்றால் ஒவ்வொரு சொல்லிலும் ஒரு தீர்மானம் இருக்கிறது. கனநாள் வராத பிள்ளையை என்ன செய்வது என்று முடிவு தெரியாமல் யோசிக்கும்போது, அதை அந்தப் பிள்ளையைப் பற்றிய கேள்வியாகவே யோசிக்க வேண்டியிருக்கிறது.

தேடிப் பார்ப்பதைத் தடைசெய்கிற ஏற்பாடு என்று இதைச் சிலர் எதிர்க்கிறார்கள். அது சரியல்ல. பெண்பிள்ளைகளின் வேகத்தை அவர் ஆய்வேட்டில் எழுதலாம், எழுதத்தான் வேண்டும், அது அடுத்த ஆய்வுக்கு நல்ல வித்தாக இருக்கக்கூடும். ஆனால் எத்தனை இடத்தில் தேடி அது கிடைத்தது என்பதும் பக்கத்திலேயே இருக்கவேண்டும். திட்டத்தை மாற்றவும் தடையில்லை. பாதியில் பாடசாலை பூட்டினால், தேர்வுத்தாள் பிழையாக அச்சாகியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம், முடிவைப் பார்க்க முன்னரா பின்னரா என்று எழுதிவிட்டால் வாசிப்பவர் தானே எடைபோடுவார்.

பதிந்தால் என்ன மாறுகிறது

அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவகம் பணம் கொடுத்த பெரிய பரிசோதனைகளை கப்லானும் இர்வினும் 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள். 2000க்கு முன் வெளியான 30 பரிசோதனைகளில் 17இல் மருந்து பயன் தந்ததாக முடிவு. முதன்மை அளவீட்டை முன்கூட்டிப் பதியவேண்டும் என்ற நடைமுறை வந்தபின் வெளியான 25இல் இரண்டில் மட்டும். பதிவு ஒன்றால்தான் இந்த வீழ்ச்சி என்று அடித்துச் சொல்ல முடியாது, சிகிச்சையும் காலத்தோடு முன்னேறியிருக்கிறது, முன்னேறிய சிகிச்சையைத் தாண்டிப் புதிய மருந்து வெல்வது கடினம். ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு எண் இருக்கிறது, நான் அதைத்தான் பெரிதாக எடுக்கிறேன். பதியப்பட்ட அந்த 25இல் 12 பரிசோதனைகளில் முதன்மை அல்லாத வேறு ஏதோ ஒரு இதயநோய் அளவீட்டில் நல்ல முடிவு வந்திருந்தது. பதிவு மட்டும் இல்லாதிருந்தால் அவற்றைத் தலைப்பில் போட்டு வெற்றி என்று அறிவித்திருக்க வழி இருந்தது.

பதிந்துவிட்டு மீறுகிறவர்களும் உண்டு, அதுவும் மேல்மட்டத்தில். ஒக்ஸ்போர்ட்டில் பென் கோல்டேக்கரின் குழு ஐந்து முன்னணி மருத்துவச் சஞ்சிகைகளில் வந்த 67 பரிசோதனைகளை எடுத்து, ஒவ்வொன்றின் பதிவையும் வெளியான கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தது. ஒன்பதில் மட்டும்தான் இரண்டும் சரியாகப் பொருந்தின. சொன்ன அளவீடுகளில் 354 காணாமல் போயிருந்தன, சொல்லாத 357 அறிவிப்பில்லாமல் உள்ளே வந்திருந்தன. அந்தச் சஞ்சிகைகள் எல்லாம் பதிவைக் கட்டாயமாக்கியவைதான். பதிவு இருந்தது, கட்டுரையும் இருந்தது, இரண்டையும் ஒரு மேசையில் வைக்க ஒருவர் இருக்கவில்லை.

இதை வாசித்த நாளிலிருந்து எனக்கு எங்கள் நிலைமைதான் கண்ணில் நிற்கிறது. இங்கே ஆட்களை வைத்து ஆய்வு செய்கிற பிள்ளைகள் தரவு எடுக்க முன்னரே முன்மொழிவு எழுதி நெறிமுறைக் குழுவிடம் கொடுக்கிறார்கள். அதில் தேதி இருக்கிறது, கையொப்பம் இருக்கிறது, பகுப்பாய்வு என்று ஒரு பந்தியும் இருக்கிறது. முன்பதிவின் பாதி எங்கள் கோப்புகளுக்குள்ளேயே கிடக்கிறது. நான் இருந்து பார்த்த வாய்மொழிப் பரீட்சைகளில் பரீட்சகர் கையில் ஆய்வேடு இருந்தது, அந்த முன்மொழிவு இருந்ததை நான் காணவில்லை. இரண்டையும் மேசையில் விரித்து, 'இங்கே கிரகித்தல் என்று எழுதிப் போட்டு அங்கே ஏன் வாசிப்பு வேகம்?' என்று கேட்பதற்குப் புதிய மென்பொருளோ புதிய சட்டமோ தேவையில்லை.

முன்பதிவு தீர்க்காதவையும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆய்வில் வாசித்தது ஒரு வகுப்பு, வாசிக்காதது ஒரு வகுப்பு. இரண்டுக்கும் வேறு வேறு ஆசிரியர். கிரகித்தலில் பெரிய வித்தியாசம் வந்திருந்தாலும் அது வாசிப்பால் வந்ததா ஆசிரியரால் வந்ததா என்று அந்தத் தரவிலிருந்து பிரிக்கவே முடியாது. எவ்வளவு இறுக்கமாக முன்பதிவு செய்தாலும் அந்தக் குறை அப்படியே இருக்கும். பல வகுப்புகளை எடுத்துச் சீட்டுப் போட்டுப் பிரித்தால்தான் போகும். ஏற்கெனவே வைத்தியசாலையில் குவிந்து கிடக்கிற பதிவுகளை வைத்துச் செய்கிற ஆய்விலும் முன்பதிவுக்குப் பலம் குறைவு, தரவைப் பார்க்காமல்தான் எழுதினேன் என்பதற்கு ஆய்வாளரின் சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அந்தப் பிள்ளை கடைசியில் கிரகித்தலை முன்னால் வைத்து, வித்தியாசம் காணப்படவில்லை என்று எழுதினார். வேகத்தைப் பின்னால் ஒரு தனிப் பகுதியில் வைத்து, 60 சோதனையில் தேடியதில் கிடைத்தது என்றும் எழுதினார். மேற்பார்வையாளர் முதலில் விரும்பவில்லை, பிறகு சம்மதித்தார்.

இதை ஒரு நண்பரிடம், நீண்டகாலம் ஆய்வேடு திருத்துகிறவரிடம், சொன்னபோது அவர் கோபித்தார். "நீங்கள் சொல்லுற மாதிரி முன்மொழிவையும் ஆய்வேட்டையும் பக்கத்தில வச்சுப் பாத்தால் அரைவாசிப் பேருக்கு முடிவு வராது. முடிவு வராத ஆய்வேட்டுக்கு ஆர் புள்ளி போடுறது? பிள்ளையள் பாவம்." அவருடைய கோபம் எனக்கு விளங்குகிறது. முடிவுக்குப் புள்ளி போடுகிற இடத்தில் தாளை மட்டும் ஒப்பிடுவது பிள்ளைகளுக்கு அநியாயம்தான். இதற்கு வழி 2013இல் கோர்ட்டெக்ஸ் என்ற சஞ்சிகை தொடங்கிய முறையில் இருக்கிறது. ஆய்வாளர் அறிமுகத்தையும் முறையியலையும் மட்டும் அனுப்புகிறார். மதிப்பீட்டாளர்கள் அதைப் படித்துத் திருத்தி, நல்லதென்றால் முடிவு எதுவாக இருந்தாலும் பிரசுரிப்போம் என்று தரவு எடுக்க முன்னரே வாக்குக் கொடுக்கிறார்கள். அப்படி வந்த உளவியல் கட்டுரைகளையும் வழமையான கட்டுரைகளையும் ஒப்பிட்டு 2021இல் வந்த ஆய்வில், முதல் கருதுகோள் பலித்தது வழமையானவற்றில் 96 சதவீதம், இந்த முறையில் 44 சதவீதம்.

நண்பருக்கு நான் சொன்ன யோசனை இதுதான். முறையியலுக்கான புள்ளியை ஆய்வேடு வந்தபின் போடாமல் முன்மொழிவு வருகிற அன்றே போடுவோம். முதன்மை அளவீடு ஒன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறதா, வராத பிள்ளையை என்ன செய்வதென்று இருக்கிறதா, ஒரு வகுப்புக்கு ஒரு வகுப்பு என்ற திட்டம் போதுமா என்று அன்றே கேட்போம். அன்று கேட்டால் பிள்ளை இன்னும் நான்கு வகுப்பைச் சேர்த்துக்கொள்ள நேரம் இருக்கும். ஆய்வேடு வரும்போது சொன்னபடி செய்திருக்கிறாரா, மாற்றியதை மாற்றினேன் என்று எழுதியிருக்கிறாரா என்பதற்குப் புள்ளி போடுவோம். அவர் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த தொகுதி முன்மொழிவுகள் வரும்போது ஒரு சிலவற்றிலாவது இப்படிச் செய்து பார்க்கலாம் என்ற அளவில் கதை நிற்கிறது. எந்தெந்த முன்மொழிவுகள் என்பதை அவை கைக்கு வர முன்னரே சீட்டுப் போட்டுத் தீர்மானிப்போம் என்று கேட்டிருக்கிறேன்.